அடிக்குறிப்பில் "விக்கிப்பீடியா" என்று எழுதுகிறவர்களுக்கு

உத்திரமேரூர்க் குடவோலை முறையைப் பற்றிப் பதிவு போடுகிறவர்கள், வாரிய உறுப்பினருக்கு வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும் என்று எழுதுகிறார்கள். அடியில் ஆதாரம்: விக்கிப்பீடியா. இன்னொருவர் 30க்கு மேல் 60க்குள் என்று எழுதுகிறார். அவருக்கும் ஏதோ ஒரு இணையப் பக்கம்தான் ஆதாரம். கருத்துப் பெட்டியில் சண்டை நடக்கும். இரண்டு பக்கமும் மாறி மாறி இணைப்புகளை ஒட்டுவார்கள், கல்வெட்டை மட்டும் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

திறந்திருந்தால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இது பற்றி இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், சபை ஒரு விதி எழுதியது. இரண்டே ஆண்டு கழித்து, 14ஆம் ஆட்சியாண்டில், 921இல், அதைத் திருத்தி இன்னும் விரிவாக எழுதியது. 30-60 முந்தையதில் இருக்கிறது, 35-70 பிந்தையதில் இருக்கிறது. இரண்டு பேர் சொன்னதும் சரி. எந்தக் கல்வெட்டு என்று சொல்லாததுதான் இரண்டு பேர் செய்த பிழை.

விக்கிப்பீடியாவை ஒதுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. மூலத்துக்குப் போக அதைவிட வேகமான வழி இன்று இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வழியில் நின்றுகொண்டே ஊருக்கு வந்துவிட்டோம் என்று சொல்லக் கூடாது. கலைக்களஞ்சியக் கட்டுரை மற்றவர்கள் எழுதியதன் சுருக்கம். அதிலும் விக்கிப்பீடியாவின் கொள்கையே, மூல ஆவணத்தைத் தானே விளக்காமல் அதை ஆராய்ந்தவர்களின் நூல்களைச் சார்ந்து எழுது என்பதுதான். ஆகவே கட்டுரையின் அடிக்குறிப்பு பெரும்பாலும் உங்களை நேரே கல்வெட்டுக்குக் கொண்டுபோகாது, ஒரு வரலாற்று நூலுக்குக் கொண்டுபோகும். அந்த நூலின் அடிக்குறிப்புதான் கல்வெட்டுக்குக் கொண்டுபோகும். இரண்டு படி இறங்க வேண்டும். பலர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இறங்குவது எப்படி என்று இந்த ஒரு எடுத்துக்காட்டிலேயே பார்ப்போம். உங்களுக்கு வேண்டிய வாக்கியத்தின் முடிவில் இருக்கும் எண்ணைச் சொடுக்குங்கள். எண் பத்தியின் கடைசியில் மட்டும் இருந்தால், அது அந்தப் பத்தி முழுவதற்கும் ஆதாரம் என்று நம்பிவிடாதீர்கள். நடுவில் பின்னாளில் யாராவது ஒரு வாக்கியத்தைச் செருகியிருக்கலாம். தமிழ்க் கட்டுரையில் அடிக்குறிப்பே இல்லையென்றால் அதே தலைப்பின் ஆங்கிலப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். மொழிபெயர்க்கும்போது மேற்கோள்கள் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது.

உத்திரமேரூர் பற்றிய அடிக்குறிப்புகளைப் பிடித்துப் போனால் பெரும்பாலும் நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்று நூல்களுக்கு வந்து சேர்வீர்கள். அங்கிருந்து வி. வெங்கையாவுக்குப் போக வேண்டும். இந்திய தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் இந்த இரண்டு கல்வெட்டுகளையும் மொழிபெயர்ப்போடு விரிவாக வெளியிட்டவர் அவர்தான். archive.org தளத்தில் பழைய ஆண்டறிக்கைகள் படியெடுக்கப்பட்டுக் கிடக்கின்றன. இங்கே ஒரு சிக்கல் வரும். அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. இன்றைய பெயரை மட்டும் போட்டுத் தேடினால் கிடைக்காமல் போகலாம். பொதுத் தேடுபொறியில் இப்படித் தேடிப் பாருங்கள்:

```
Uttaramallur Venkayya "Annual Report" 1904-05
```

கோப்பு கிடைத்த பிறகும் இரண்டு இடத்தில் தடுக்கும். அச்சிட்ட பக்க எண்ணும் கோப்பின் பக்க எண்ணும் ஒன்றாக இருக்காது. முன்னுரைப் பக்கங்களும் எண்ணிடாத படத் தாள்களும் நடுவில் நுழைந்திருக்கும். மேற்கோளில் எழுத வேண்டியது அச்சிட்ட எண்ணை. அடுத்தது, கோப்புக்குள் "Parantaka" என்று தேடினால் பெரும்பாலும் சிக்காது, எழுத்துகளின் மேலிருக்கும் கோடுகளையும் புள்ளிகளையும் கணினி தவறாகப் படித்திருக்கும். அந்தக் குறிகள் இல்லாத எளிய சொல்லைத் தேடுங்கள். வெங்கையா ஓலையை "ticket" என்று மொழிபெயர்த்திருக்கிறார். அந்தச் சொல்லே உங்களைச் சரியான பக்கத்தில் இறக்கிவிடும்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முப்பது குடும்புகள், அதாவது ஊரின் முப்பது பிரிவுகள். குடும்புக்குக் குடும்பு தகுதியுள்ளவர்களின் பெயரெழுதிய ஓலைகளைத் தனித்தனிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் எடுக்கிறான். எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். ஓலையை மாற்றிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். எத்தனையோ சுருக்கங்களில் இந்த வரி விழுந்துவிடுகிறது.

சுருக்கத்தில் கூடுதலாகச் சேர்ந்த சரக்கும் இப்போது தெரிந்துவிடும். ஊர் மக்கள் எல்லோரும் வாக்களித்தார்கள் என்பது சரியல்ல, இது குலுக்கல். அதுவும் வரிகட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டும் உரியது, பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரின் சபை அது. "திரும்ப அழைக்கும் உரிமை இருந்தது" என்று பரவுகிறதே, அதற்கு இங்கே இருப்பது இவ்வளவுதான்: கணக்குக் காட்டாதவரும் அவருடைய குறிப்பிட்ட உறவினர்களும் ஓலைக்கே தகுதியற்றவர்கள், வாரியத்தில் இருக்கும்போது குற்றம் கண்டால் நீக்கிவிட வேண்டும். மக்கள் வாக்குப் போட்டு ஒருவரைத் திரும்ப அழைப்பது இதில் கிடையாது. இது அந்தக் கல்வெட்டின் பெருமையைக் குறைக்கிறது என்று நான் நினைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாலே அது பெரியதுதான்.

மிகவும் ஆபத்தானது சுற்று மேற்கோள். யாரோ ஆதாரமில்லாமல் விக்கியில் ஒரு வரியைச் சேர்க்கிறார். ஒரு செய்தித்தாள் அதைப் பார்த்து எழுதுகிறது. பிறகு அந்தச் செய்தியே அதே வரிக்கு அடிக்குறிப்பாக வந்து உட்கார்கிறது. கண்டுபிடிக்க "வரலாற்றைக் காட்டவும்" என்பதைச் சொடுக்கி, அந்த வரி முதலில் எந்தத் தேதியில் நுழைந்தது என்று பாருங்கள். செய்தி அதற்குப் பின் வந்ததாக இருந்து, அதில் வேறு ஆதாரமும் சொல்லப்படவில்லை என்றால் அதை நம்பாதீர்கள். வரலாற்று விஷயத்துக்குச் செய்தித்தாள் ஒன்றே ஆதாரமாக நிற்கும் இடமெல்லாம் இப்படிப் பார்க்க வேண்டிய இடம்.

திறக்காத இணைப்பு என்றால் அதன் முகவரியை web.archive.org தளத்தில் போட்டுப் பாருங்கள், பழைய படி பல நேரம் கிடைக்கும். அதுவும் இல்லை, நூலும் கைக்கு வரவில்லை என்றால், கையில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். சாஸ்திரி நூலில் பார்த்ததை "வெங்கையா, சாஸ்திரி எடுத்தாண்டபடி" என்று எழுதலாம். விக்கியின் அடிக்குறிப்பை அப்படியே நகலெடுத்து, திறக்காத நூலைத் திறந்தது போல் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். விக்கி என்று நேரே எழுதுவதைவிட அது மோசம், ஏனென்றால் அங்கே பிழை இருந்தால் அது நூலாசிரியரின் தலையில் விழும்.

மூலத்தைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் மேற்கோள் இப்படி இருக்கட்டும்: ஊர், கோயில், அரசன், ஆட்சியாண்டு, வெளியிட்டவர், வெளியீடு, அச்சிட்ட பக்கம். அதே விவரத்தை அந்த விக்கிக் கட்டுரையிலும் "தொகு" அழுத்தி, 919 எது 921 எது என்று பிரித்து, அடிக்குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள். அடுத்து வருகிறவருக்கு ஒரு படி மிச்சம்.