வாசனையைக் கூட்டுவதற்கு முன் நாற்றத்தை எடுங்கள்

“சலூன் வரவேற்பறையில் வாசனை எண்ணெயைத் தண்ணீரோடு பரப்பும் டிஃப்யூசர் வைத்தோம். எங்களுக்கு வாசனையே தெரியவில்லை, வாடிக்கையாளர்களோ தலைவலிக்கிறது என்கிறார்கள். ஏன்?”

ஒரே வாசனையில் சில நிமிடங்கள் இருந்தாலே மூக்கு அதற்குப் பழகிவிடும். அதனால்தான் ஊழியர்கள் துளித்துளியாக எண்ணெயைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அளவை உள்ளே இருப்பவர் முடிவு செய்யக் கூடாது. கால் மணி நேரம் வெளியே நின்றவரை உள்ளே வரச் சொல்லுங்கள். கதவைத் தாண்டும்போது மெல்லத் தெரிந்து, உட்கார்ந்ததும் மறந்துபோனால் அளவு சரி.

அதற்கும் முன்னால், ஈரத் துண்டுக் கூடையையும் குப்பைத் தொட்டியையும் பாருங்கள். அதிகம் புழங்காத கழிவறையில் தரை வடிகாலின் உள்ளே தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிவிடும், அந்த வழியாகச் சாக்கடை வாடை ஏறும். வாரம் ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும். இதைச் சரிசெய்யாமல் மேலே லாவெண்டர் போட்டால் இரண்டும் கலந்து குமட்டும்.

பிறகு 100 மி.லி. தண்ணீருக்கு 3 துளியில் தொடங்குங்கள். 15 நிமிடம் ஓடவிட்டு முக்கால் மணி நேரம் நிறுத்துங்கள். இருக்கைக்கு அருகில் வேண்டாம், வாசலை ஒட்டி வையுங்கள். டிஃப்யூசரின் தண்ணீர்த் தொட்டியில் பழைய எண்ணெய் படிந்தால் காரல் வாடை வரும், வாரம் ஒருமுறை துடைத்துவிடுங்கள். ஷாம்பு, ஸ்ப்ரே வாசனையே அங்கு நிறைய இருக்கும் என்பதால் ஊதுபத்தியைக் கட்டாயம் தவிருங்கள். ஆஸ்துமா உள்ளவர் வந்தால் தயங்காமல் அணைத்துவிடுங்கள்.