எந்த வேலைனாலும் ஓகே சார்

அக்கா: இது யாருக்குடா போகுது, கலெக்டருக்கா?

தம்பி: இல்லக்கா, செய்யாறு சிப்காட்ல வாக்-இன் டிரைவ் வச்சிருக்காங்க. நம்மள பத்தி சின்னதா எழுதி, என்ன வேலை வேணும்னும் போட்டு, இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணணுமாம். அடிச்சு வச்சிருக்கேன், தப்பு இருந்தா மட்டும் பாருங்க.

அக்கா: "பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, நான் போளூர் வட்டத்தில் வசித்து வருகிறேன், எனது தந்தை விவசாயக் கூலி, குடும்ப சூழ்நிலை காரணமாக"... திங்கக்கிழமை மனு நாளைக்கு இந்த ஜெராக்ஸ் கடைல நான் அடிச்சுக் குடுக்கிறது கூட இதைவிட சின்னதா இருக்கும்டா. தாத்தாவோட முதியோர் பென்ஷனையும் சேர்த்துக் கேட்டிருக்கலாமே.

தம்பி: பெரியப்பா சொல்லித்தான் எழுதினேன்க்கா. மரியாதையா எழுதினாதான் படிப்பாங்களாம்.

அக்கா: உங்க பெரியப்பா கடைசியா எப்ப வேலை கேட்டாரு?

தம்பி: அவரு கேட்டதே இல்லக்கா, நிலம் இருக்கு.

அக்கா: நல்லா இருக்கு. சரி, கீழ என்னடா இது, "எந்த வேலை கொடுத்தாலும் செய்யத் தயாராக உள்ளேன்". எந்த வேலைனாலுமா?

தம்பி: எந்த வேலைனாலும் ஓகேக்கா.

அக்கா: டிரெய்லர் ஓட்டுவியா?

தம்பி: ஹெவி லைசென்ஸ் இல்லக்கா.

அக்கா: ஸ்டாஃப் நர்ஸ்?

தம்பி: அக்கா!

அக்கா: எந்த வேலைனாலும்னு நீதானே எழுதியிருக்க. கல்யாணத்துக்கு முன்னாடி நான் ஒரகடத்துல ஒரு கம்பெனி டைம் ஆபீஸ்ல இருந்தேன், தெரியுமில்ல? வாக்-இன் வச்சா முந்தின நாள் ராத்திரி வரைக்கும் மெசேஜ் வந்து கொட்டும். அதை எல்லாம் எக்செல்ல ஏத்துறது என் வேலை. பேர், படிப்பு, பாஸான வருஷம், என்ன வேலை, எந்த ஊரு, ஷிப்ட் வருவானா, இவ்ளோதான் கட்டம். "என்ன வேலை"ங்கிற கட்டத்துல உன்ன மாதிரி ஆளுங்க எழுதினதை பார்த்து "எனி"ன்னு போடுவேன். அப்புறம் குவாலிட்டி மேனேஜர் வந்து குவாலிட்டி ஆளுங்களை மட்டும் எடும்மான்னா ஃபில்டர் போடுவேன், அதுல நீ வர மாட்ட. புரொடக்ஷன் மேனேஜர் கேட்டா அதுக்கு ஒரு ஃபில்டர், அதுலயும் வர மாட்ட. எல்லாத்துக்கும் தயார்னு எழுதினவன் எதுலயுமே வராம கடைசி வரைக்கும் அங்கயே உக்காந்திருப்பான்.

தம்பி: அப்ப எனி ஆளுங்களை யாருமே எடுக்க மாட்டாங்களாக்கா?

அக்கா: எடுப்பாங்களே. போன தடவை திருவண்ணாமலைல வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனியே, என்ன ஆச்சு?

தம்பி: அங்கயும் எந்த வேலைனாலும்னுதான் எழுதினேன். ஒரு அண்ணன் அவரே வந்து கைய புடிச்சு கூட்டிட்டுப் போயி உக்கார வச்சு டீ எல்லாம் வாங்கிக் குடுத்தாரு.

அக்கா: இன்சூரன்சா?

தம்பி: இன்சூரன்ஸ்.

அக்கா: சம்பளம் கிடையாது, கமிஷன். முதல் பாலிசி சொந்தக்காரங்க யாராவது போடுவாங்கன்னு சொல்லியிருப்பான்.

தம்பி: பெரியப்பா பேரைத்தான் எழுதிக் குடுத்தேன்.

அக்கா: சபாஷ், மனுஷன் சொன்ன யோசனைக்கு அவருக்கே பில் போயிருக்கு. சரி வா, அந்த போஸ்டரைக் காட்டு. "டிப்ளமோ மெக்கானிக்கல், 2023, 2024, 2025 பாஸ், முன்னணி நிறுவனம், உடனடி வேலை, கேன்டீன், பஸ் வசதி". நீ என்ன வருஷம்?

தம்பி: 2024.

அக்கா: அதை எங்கடா எழுதியிருக்க?

தம்பி: ரெஸ்யூம்ல இருக்குக்கா.

அக்கா: ரெஸ்யூமை அவன் திறந்தாதானே. போன்ல மேல நோட்டிஃபிகேஷன் வரும்போது ஒரு வரி, மிஞ்சிப் போனா ரெண்டு வரிதான் தெரியும். உன்னது "பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு நான்"னு நிக்கும். உனக்கு முன்னாடி வந்தவனதும் அங்கதான் நிக்கும், பின்னாடி வந்தவனதும் அங்கதான் நிக்கும். அந்த முதல் வரிலயே படிப்பு, வருஷம், கேக்குற வேலை மூணும் இருந்துச்சுன்னா திறக்காமலே நீ யாருன்னு தெரிஞ்சுரும். வணக்கம் சார்னு ரெண்டு வார்த்தை போடு, மரியாதைக்கு அது போதும்.

தம்பி: அப்பா கூலின்னு எழுதினா கொஞ்சம் இரக்கம் வருமேன்னு பார்த்தேன்.

அக்கா: இரக்கம் வராதுடா, கணக்கு வரும். இவனுக்கு வேற வழி இல்லன்னு தெரிஞ்சா ஆயிரம் ரூபா கம்மியா சொல்லிப் பார்ப்பான், அவ்ளோதான். எடுத்துரு. ஐயோ, ஆதார் நம்பரை வேற போட்டு வச்சிருக்க! முன்ன பின்ன தெரியாத நம்பருக்கு அதை ஏன் அனுப்புற? இன்டர்வியூவுக்குப் போகும்போது ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போ. இங்கயே எடு.

(அக்கா எவ்வளவு ஆவேசமா பேசினாலும் கடை ஞாபகம் போகாது.)

தம்பி: சரி, வேலைன்னு என்னதான்கா போடுறது? எனக்கே தெரியலையே.

அக்கா: கோர்ஸ் முடிச்சு இத்தனை நாளா என்ன பண்ண?

தம்பி: சும்மாதான் இருந்தேன்.

அக்கா: சும்மான்னா?

தம்பி: ஆரணில மாமா லேத் பட்டறை வச்சிருக்காரு. எட்டு மாசம் அங்க போயிட்டு வந்தேன். சும்மா மாமாவுக்கு ஒத்தாசையா.

அக்கா: அங்க என்ன செஞ்ச?

தம்பி: ஷாஃப்ட் டர்னிங் பண்ணுவாங்க, அந்த சைஸ் சரியா இருக்கான்னு வெர்னியர் வச்சு பார்ப்பேன். டைட் சைஸ்னா மைக்ரோமீட்டர். ட்ராயிங்ல குடுத்ததை விட கம்மியா போயிருந்தா தனியா எடுத்து வச்சுட்டு நோட்டுல எழுதுவேன். மாமா திட்டுவாருக்கா, எழுதாதடா கஸ்டமர் பார்த்துருவான்னு.

அக்கா: டேய்! இதுக்கு பேருதான்டா குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன். எட்டு மாசம் அதை செஞ்சுட்டு சும்மா இருந்தேங்குற.

தம்பி: சர்டிபிகேட் இல்லையேக்கா. சம்பளமும் இல்ல, சாப்பாடு மட்டும்தான்.

அக்கா: கம்பெனில வேலை செஞ்சேன்னு போடாத, அது பொய். "லேத் பட்டறையில் 8 மாதம், வெர்னியர், மைக்ரோமீட்டர் வைத்து அளவு பார்த்துள்ளேன்"னு போடு, அது நிஜம். நாளைக்கு ஒரு ஷாஃப்டையும் மைக்ரோமீட்டரையும் கைல குடுத்து அளந்து காட்டுன்னா காட்டுவியா?

தம்பி: கண்ண மூடிட்டு காட்டுவேன்.

அக்கா: கண்ணைத் திறந்து காட்டு, ரீடிங் பார்க்கணும். ட்ராயிங் படிப்பியா?

தம்பி: படிப்பேன்க்கா.

அக்கா: அப்ப முதல் விருப்பம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ரெண்டாவது?

தம்பி: டிரெய்லர்.

அக்கா: அடி வாங்குவ.

தம்பி: சிஎன்சி ஆபரேட்டர் போடலாமா? பாலிடெக்னிக்ல மெஷின் பார்த்திருக்கேன், மாமா கிட்ட இருக்கிறது சாதா லேத்து.

அக்கா: "சிஎன்சி ஆபரேட்டர் டிரெய்னி"ன்னு போடு. டிரெய்னின்னு சேர்த்தா நீ கத்துக்க வர்றன்னு அர்த்தம், அப்புறம் புரோகிராம் எடிட் பண்ணுன்னு நிக்க வச்சு மானத்தை வாங்க மாட்டான். ரெண்டோட நிறுத்திக்க. ரெண்டும் ஒரே ஷாப் ஃப்ளோர் வேலை, அதனால பார்க்கிறவனுக்கு குழப்பம் இல்ல. மூணாவதா டேட்டா என்ட்ரி, நாலாவதா டெலிகாலர்னு சேர்த்தீனா மறுபடியும் எனிதான்.

தம்பி: மூணாவதா ஸ்டாஃப் நர்ஸ் போடலாம்க்கா.

அக்கா: இப்ப நீயே ஆரம்பிச்சிட்டியா. அரியர் இருக்கா?

தம்பி: அது எதுக்குக்கா சொல்லணும்...

அக்கா: இருக்கா இல்லையா?

தம்பி: தெர்மல்ல ஒண்ணு இருந்துச்சு, எழுதி கிளியர் பண்ணிட்டேன்.

அக்கா: அப்ப தைரியமா "நிலுவை அரியர் இல்லை"ன்னு எழுது, அவன் அதைத்தான் தேடுவான். நிஜமாவே பாக்கி இருந்தாலும் மறைக்கக் கூடாது, சர்டிபிகேட் பார்க்கிற மேஜைல மாட்டுவ. எங்க கம்பெனில செலக்ட் ஆகி பஸ் பாஸ் வரைக்கும் வாங்கின ஒரு பையன் அந்த மேஜைல இருந்துதான் வீட்டுக்குப் போனான். ஷிப்ட் வருவியா?

தம்பி: நைட்டும் வருவேன். செய்யாறு, ஒரகடம் ரெண்டும் ஓகே. ஒரகடம்னா ரூம் எடுத்துக்குவேன்.

அக்கா: அதையும் போடு. போளூர்க்காரன் தினமும் எப்படி வருவான்னு யோசிச்சே தள்ளி விடுவாங்க. இப்ப அடி.

தம்பி: "வணக்கம் சார். டிப்ளமோ மெக்கானிக்கல், 2024 பாஸ், 71%. விரும்பும் வேலை: குவாலிட்டி இன்ஸ்பெக்டர் / சிஎன்சி ஆபரேட்டர் டிரெய்னி. லேத் பட்டறையில் 8 மாதம், வெர்னியர், மைக்ரோமீட்டர் வைத்து அளவு பார்த்துள்ளேன், ட்ராயிங் படிப்பேன். நிலுவை அரியர் இல்லை. ஊர் போளூர், செய்யாறு / ஒரகடம் தங்கி வேலை செய்யத் தயார், எல்லா ஷிப்ட்டும் ஓகே. உடனே சேரலாம்." பேரு கடைசிலயாக்கா?

அக்கா: ஆமா, பேரும் போன் நம்பரும் கடைசில. இவ்ளோதான்டா. இதுல ஐயாவும் இல்ல, தாழ்மையும் இல்ல, எங்கயாவது மரியாதை குறைஞ்சிருக்கா?

தம்பி: இல்லக்கா. ஆனா பெரியப்பா இன்னொண்ணு சொன்னாரு. தனியார்ல சேர்ந்தா எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் பதிவு கேன்சல் ஆயிருமாம்.

அக்கா: ஆகாது. மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்ல முகாம் வைக்கிறப்ப எல்லாம் அறிவிப்புலயே பதிவு ரத்து ஆகாதுன்னு போடுறாங்க. அதே மாதிரி முகாமுக்குக் காசும் கிடையாது, tnprivatejobs.tn.gov.in ல பதியறதுக்கும் காசு கிடையாது. உங்க பெரியப்பா பேப்பர்ல ராசிபலன் தவிர வேற எதையும் படிக்கிறதில்லயா?

தம்பி: அனுப்பட்டுமா?

அக்கா: இரு இரு, அந்த போஸ்டர்ல கம்பெனி பேரு எங்க?

தம்பி: "முன்னணி நிறுவனம்".

அக்கா: அந்த ஊர்ல பெட்டிக்கடையும் முன்னணி நிறுவனம்தான். இதைப் பார்த்தாதான்டா எனக்கு எரியுது. உன் படிப்பு வேணும், மார்க் வேணும், அரியர் வேணும், ராத்திரி முழிப்பியான்னு தெரியணும். அவன் பேரை மட்டும் சொல்ல மாட்டானாம், சம்பளம் என்னன்னும் போட மாட்டானாம். எனி-ன்னு எழுதினதுக்கு உன்னைத் திட்டுறேன், அவன் எழுதியிருக்கிறதும் அதேதானே? கடைசில ஒரு வரி சேரு, "கம்பெனி பெயர், கம்பெனி ரோலா கான்ட்ராக்டா, கையில் வரும் சம்பளம் தெரிவிக்கவும்".

தம்பி: கோச்சுக்குவாங்களேக்கா.

அக்கா: கம்பெனி ஆளா இருந்தா கோச்சுக்க மாட்டான். நடுவுல இருக்கிற கன்சல்டன்சிக்காரன்னா கோச்சுக்குவான், அப்புறம் யூனிஃபார்முக்குன்னு ரெண்டாயிரம் கேப்பான். வேலைக்கு முன்னாடி எவன் காசு கேட்டாலும் அங்கயே நிறுத்திரு. அனுப்பு.

தம்பி: அனுப்பிட்டேன். அக்கா! உடனே ரிப்ளை வந்துருச்சு!

அக்கா: படி.

தம்பி: "நன்றி. தங்கள் பெயர், படிப்பு, பாஸான வருடம், விரும்பும் வேலை ஆகியவற்றை அனுப்பவும்."

அக்கா: ...

தம்பி: எல்லாமே அதுலயே இருக்கேக்கா?

அக்கா: இருக்கு. அது ஆள் அனுப்பினது இல்லடா, எல்லாருக்கும் தானா போற ரிப்ளை. கண்டுக்காத. நாளான்னைக்கு நேர்ல போனா கேட்டுல இதையே வாயால கேப்பான், உள்ள ஃபார்ம்ல எழுதச் சொல்லுவான், இன்டர்வியூல உன்னைப் பத்தி சொல்லுன்னு மறுபடியும் ஆரம்பிப்பான். இந்த ஆறு வரியத்தான் எல்லா இடத்துலயும் சொல்லப் போற, வீட்டுக்குப் போறதுக்குள்ள வாய்ப்பாடமா ஆக்கிக்க. ஆதார், மார்க்ஷீட், டிசி எல்லாம் எத்தனை செட் போடட்டும்?

தம்பி: மூணு செட்டுக்கா. ஒரிஜினலை அங்கயே குடுத்துறவா?

அக்கா: காட்டு, குடுக்காத. காட்டினதும் வாங்கிப் பைக்குள்ள வச்சுக்க. அஞ்சு செட்டா போடுறேன்.