வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் மானம் போய்விடுமாம்

குடும்பக் குழுவில் அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டவர்களுக்கு விஷயம் தெரியும். கேட்காதவர்கள் பாக்கியசாலிகள், அப்படியே இருங்கள். சுருக்கம் இதுதான்: "ஒரு லெட்டர் போட்டிருந்தா அவனே கொண்டாந்து கொடுத்திருப்பான். அதுக்குப் போயி வக்கீல் நோட்டீஸா கண்ணு? சொந்தபந்தத்துக்குள்ள இப்படியா மானத்த வாங்கறது?" பெரியப்பா பேசினது கூடப் பரவாயில்லை, பெரியவர். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மை போட்டார்களே, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாதிப்பேருக்கு என் வயதுதான். படித்தவர்கள்.

நடந்தது என்ன? போன சீசனில் ஏற்காட்டுக் காட்டு மிளகு ஆறு மூட்டை. ஐம்பது கிலோ மூட்டை, ஆக முந்நூறு கிலோ. கிலோ 640 ரூபாய் என்று பேசி, சேலம் லீ பஜாரில் எடை போட்டு இறக்கியாகிவிட்டது. வாங்கினவர் நமக்குத் தூரத்துச் சொந்தம். 1,92,000 ரூபாய்க்கு மார்ச் 10 தேதியிட்ட செக் கொடுத்தார். போட்டேன், திரும்பியது. வங்கியில் கொடுத்த ரிட்டர்ன் மெமோ மார்ச் 14ஆம் தேதி கைக்கு வந்தது. காரணம், கணக்கில் பணம் போதவில்லை. போன் செய்தேன். "திங்கட்கிழமை போட்டு விடறேன் தங்கச்சி" என்றார். எந்தத் திங்கட்கிழமை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேராக அஸ்தம்பட்டிக்குப் போய் வக்கீலைப் பார்த்தேன்.

இதில்தான் எல்லாருக்கும் வருத்தம். லெட்டர் எழுதாமல் ஏன் வக்கீலிடம் போனாள்?

ஏனென்றால் செக் திரும்பின தகவல் கைக்கு வந்ததுமே கெடு ஓட ஆரம்பித்துவிடுகிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆவது பிரிவு, கோர்ட் பக்கம் போகிறவர்கள் 'நூத்தி முப்பத்தெட்டு' என்பார்கள். செக் திரும்பின தகவல் வங்கியிலிருந்து கிடைத்த முப்பது நாளுக்குள், அந்தப் பணத்தைக் கேட்டு எழுத்துமூலமாக நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். என் கணக்கில் ஏப்ரல் 13 கடைசி நாள். அந்த நாள் தாண்டினால் அந்தத் திரும்பலை வைத்து 138 வழக்கு கிடையாது. "அடுத்த வாரம்", "தை பொறந்ததும்", "மவன் வந்ததும்" என்பதையெல்லாம் சட்டம் காதில் வாங்காது. லெட்டர் போட்டு, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி லெட்டர் போட்டுக்கொண்டிருந்தால் எதிராளிக்கு நாம் பரிசாகக் கொடுப்பது இந்த முப்பது நாளைத்தான்.

என் நோட்டீஸ் மார்ச் 25 அன்று தபாலில் போனது. 28ஆம் தேதி அவர் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அன்றிலிருந்து அவருக்குப் பதினைந்து நாள், ஏப்ரல் 12 வரை. இந்த இடத்தைக் கும்பிடு போட்டவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்தப் பதினைந்து நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் குற்றமே இல்லை. செக் திரும்பினதற்காக யாரும் யாரையும் உள்ளே தள்ளுவதில்லை. நோட்டீஸ் கிடைத்தும் பதினைந்து நாளில் கொடுக்காமல் இருப்பதுதான் குற்றத்தை முழுமையாக்குகிறது. அப்புறம்தான் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டுப் பதினைந்து நாள் முடியும் முன்பே கொடுத்தால் அந்தப் புகார் செல்லாது, 2014இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆக, நோட்டீஸ் என்பது ஒரு மனிதனுக்குத் தப்பிக்க வழியும் கொடுத்து, அந்த வழி எந்தத் தேதிக்கு மூடும் என்றும் சொல்லுகிற காகிதம். மானத்தை வாங்குகிற காகிதமாம்!

என் தாய்மாமா லெட்டர் எழுதினவர். நாகலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, நடுவில் காப்பி. 2014இல் ஒரு வியாபாரி கொடுத்த 80,000 ரூபாய் செக் திரும்பியது. மாமா அழகாக எழுதுவார். "அன்புள்ள அண்ணாச்சிக்கு, நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பித்து, மழை எப்படி, பிள்ளைகள் எப்படி என்று விசாரித்து, கடைசிப் பத்தியில் "நமது கணக்கைத் தயவுசெய்து முடித்துத் தரவும்" என்று முடிப்பார். செக் நம்பர் இல்லை. தொகை இல்லை. எத்தனை நாளுக்குள் என்று இல்லை. சாதாரணத் தபாலில் போட்டதால் போய்ச் சேர்ந்ததற்கு ரசீதும் இல்லை. முப்பது நாள் போனது. செக்கின் மூன்று மாத ஆயுசும் போனது. அந்த மூன்று மாதத்துக்குள் இன்னொரு தடவை வங்கியில் போட்டிருந்தால், மறுபடி திரும்பும்போது புதிதாக முப்பது நாள் கிடைத்திருக்கும். அதற்கும் 2012இல் தீர்ப்பு இருக்கிறது. மாமாவுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. "லெட்டர் போடுங்க, மனுஷன் மனசாட்சி உள்ளவன்" என்று சொல்ல மட்டும் வீடு நிறைய ஆள் இருந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த லெட்டர்களில் ஒன்று உதவியது. வியாபாரி பதிலுக்கு, "பாக்கி எண்பதாயிரம் தீபாவளி கழித்துத் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கடனைக் கையெழுத்தோடு ஒப்புக்கொண்டால், சிவில் வழக்குக்கான மூன்று வருஷக் கெடு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும். பழைய கெடு முடிவதற்குள் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சிவில் வழக்கு போடக் கோர்ட் கட்டணம் அப்போது ஏழரை சதவீதம். எண்பதாயிரத்துக்கு ஆறாயிரம், வக்கீல் ஃபீஸ் தனி. 2017இல்தான் அதை மூன்று சதவீதமாகக் குறைத்தார்கள். மாமா கடைசியில் பாதியை வாங்கிக்கொண்டு ராசியாகிவிட்டார். அந்த ராசியைப் பேசி முடித்துவைத்தவர் யார் என்று பெரியப்பாவுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும்.

சரி, "அந்த விவரங்களைப் போட்டு நீயே எழுதியிருக்கலாமே, வக்கீல் எதற்கு?" என்று அத்தை மகன் கேட்டிருக்கிறான். நல்ல கேள்வி. எழுதலாம். வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. செக் நம்பர், தேதி, வங்கிக் கிளை, எதற்காகக் கொடுத்தது, எப்போது என்ன காரணத்தால் திரும்பியது, இத்தனை ரூபாயைப் பதினைந்து நாளுக்குள் கொடு என்று தெளிவாக எழுதி, ஒப்புகையோடு தபாலில் அனுப்பினால் அதுவும் நோட்டீஸ்தான். ஆனால் தொகையில் தவறினால் எல்லாம் போச்சு. செக் 1,92,000 என்றால் 1,92,000தான் கேட்க வேண்டும். வட்டியும் வண்டி வாடகையும் கேட்கிறாயா, தனித்தனியாகக் காட்டு. எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாக இரண்டு லட்சம் கொடு என்றால் நோட்டீஸ் நிற்காது. 2025இல் ஒரு வழக்கில், தொகை மாறினது தட்டச்சுப் பிழை என்று சொல்லிப் பார்த்தார்கள், உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. என் வக்கீலம்மா டைப் அடித்த தாளில் எண்ணிலும் எழுத்திலும் தொகையை விரல் வைத்துப் படித்து, செக் நகலோடு ஒப்பிட்டு, பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அந்த விரலுக்குத்தான் நான் ஃபீஸ் கொடுத்தேன். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

அடுத்தது, "அவன் வாங்காம திருப்பி அனுப்பிட்டா என்ன பண்ணுவே?" திருப்பி அனுப்பட்டுமே. சரியான விலாசத்துக்குப் பதிவு செய்து அனுப்பினது 'வாங்க மறுத்தார்', 'கதவு பூட்டியிருந்தது' என்று திரும்பினாலும், போய்ச் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பாடு. திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று வக்கீலம்மா முதலிலேயே சொன்னார். தபால்காரர் எழுதின குறிப்போடு ஒட்டினபடியே இருக்கிற கவர்தான் சாட்சி. மாமாவின் "நலமறிய ஆவல்" எங்கே போனது என்று யாருக்குத் தெரியும்?

இதற்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பலாமா, பக்கத்து வீட்டுக்காரர் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டால்கூடவா என்று கிண்டலாக ஒருவர். இல்லை ஐயா. கையெழுத்தே இல்லாத வாய்ப்பேச்சுக் கணக்கு, எடையில் தகராறு, இதற்கெல்லாம் முதலில் லெட்டர்தான். அவர்கள் பதிலிலேயே பாதி கணக்கு ஒப்புக்கொள்ளப்பட்டுவிடும். செக் திரும்பின விஷயத்தை மட்டும்தான் பேசுகிறேன். அதையும் இதையும் கலக்காதீர்கள்.

பெரியப்பா இன்னொன்றும் சொன்னார், அதுதான் உறுத்துகிறது. "பொம்பளப் புள்ள கோர்ட்டு வக்கீலுன்னு அலையறது நல்லாவா இருக்கு?" கொடி ஏணியில் நின்று ஆள்களோடு மிளகு பறிக்கும்போது பொம்பளப் புள்ளை கண்ணுக்குத் தெரியவில்லை. மூட்டைக்குத் துணையாகக் கொண்டை ஊசி வளைவு எல்லாம் வேனில் இறங்கி வந்தபோது தெரியவில்லை. எடை போடும்போது "ஈரம் கொஞ்சம் அதிகமா இருக்கே" என்று லிட்டர்ப் படியில் அள்ளி நிறுத்து, ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல், அதே விலைக்கு எடுத்தார்களே, அப்போதும் தெரியவில்லை. என் பணத்தை நான் எழுதிக் கேட்டபோதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. செக் திரும்பினபோது மானம் எங்கே இருந்தது? அது வங்கியில் திரும்பினதே, ஊரறிய அல்லவா திரும்பியது? கொடுத்தவருக்குப் போகாத மானம் கேட்டவளுக்கு ஏன் போக வேண்டும்? இதற்கு யாராவது வாய்ஸ் நோட் போடுங்கள், கேட்கிறேன்.

"உறவு அறுந்துபோகும்" என்றார்கள். பதினைந்து நாள் முடிவதற்குள் அவர் 1,92,000 ரூபாய்க்கு டிடி எடுத்து வந்து, வீட்டில் காப்பி குடித்துவிட்டு, செக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். கோபமாகக்கூடப் பேசவில்லை. வியாபாரிக்கு நோட்டீஸ் புதிதில்லை, எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தால் புரட்டிவிடுவார். கோபமெல்லாம் பணம் சம்பந்தமில்லாதவர்களுக்குத்தான்.

போன வாரம் அவரே போன் செய்து, இந்த வருஷ மிளகு எத்தனை மூட்டை வரும் என்று கேட்டார். கொடுக்கிறேன் அண்ணா, பணம் கணக்கில் ஏறினதும் மூட்டையை ஏற்றுகிறேன் என்றேன். சரிங்க தங்கச்சி என்றார்.