"எலும்பு சின்னது, சிசேரியன்தான்" என்று 36 வாரத்திலேயே சொல்லிவிடலாமா?

சேலத்துப் பக்கம் கர்ப்பிணிகள் கூடுகிற இடத்தில் இந்த வாக்கியம் காதில் விழாமல் இருக்காது. ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து செக்கப்புக்கு இறங்கி வரும், உயரம் குறைவான பெண்களிடம் இது இன்னும் சுலபமாகச் சொல்லப்படுகிறது. உயரத்தை மட்டும் பார்த்து இடுப்பெலும்பு குறுகல் என்று முடிவு கட்டுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. உயரக் குறைவு எச்சரிக்கை மணி, அவ்வளவுதான். அம்மா சின்ன உடம்பு என்றால் குழந்தையும் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும்.

கணக்கைப் பார்ப்போம். முதல் பிரசவம், உயரம் 142 செ.மீ., 38 வாரம் என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். டாக்டர் உள் பரிசோதனையில் நடுவிரலை நீட்டி, முதுகெலும்பின் அடியில் இடுப்புக்குள் துருத்தும் மேட்டைத் தொட்டுப் பார்க்கிறார். முன்பக்க எலும்பின் கீழ் விளிம்பிலிருந்து அந்த மேடு வரை 11 செ.மீ. இதில் ஒன்றரை முதல் 2 செ.மீ. கழித்தால் குழந்தை உண்மையில் நுழைய வேண்டிய வாசலின் முன்பின் அகலம் கிடைக்கும்: 9 முதல் 9.5 செ.மீ. 10 செ.மீ.க்குக் குறைந்தாலே குறுகல் என்பது பாடப்புத்தகக் கணக்கு.

ஆனால் வாசலில் தலை பெரும்பாலும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழையும். அப்போது அந்த அகலத்துக்குள் போக வேண்டியது இரண்டு காதுக்கும் மேலே உள்ள தலையின் குறுக்களவு. ஸ்கேனில் அது 9 செ.மீ. என்றால், இடம் நெருக்கம்தான், ஆனாலும் வழி இருக்கிறது. வலியின்போது மண்டையோட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறித் தலை கொஞ்சம் ஒடுங்கவும் செய்யும். இதே இடுப்பில் 9.8 செ.மீ. தலை என்றால் கதை வேறு. ஆகவே இடுப்பைத் தனியாக அளந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே எடுத்து இடுப்பை அளந்த பெண்களுக்குச் சிசேரியன்தான் கூடியது, அதனால் தாய்க்கோ குழந்தைக்கோ பலன் கூடியதாகத் தெரியவில்லை என்றே ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன.

வாசல் சரியாக இருந்தும் நடுவில் மாட்டுவது உண்டு. இங்கேதான் வடிவம் பேசுகிறது. 1933-இல் கால்டுவெல், மொலாய் இருவரும் பெண் இடுப்பை நான்காகப் பிரித்தார்கள்: உருண்டை, ஆண் இடுப்பு போன்றது, முன்பின் நீண்டது, தட்டை. நிஜத்தில் பெரும்பாலான இடுப்புகள் கலவை. முன்பின் நீண்ட இடுப்பில் குழந்தை மேல்நோக்கிய முகத்தோடே பிறந்துவிடலாம். ஆண் இடுப்பு போன்றதுதான் அதிகம் சிரமம் தரும். பக்கச் சுவர்கள் கீழே வரவரக் குறுகும், இருபுறமும் எலும்பு முனைகள் உள்ளே துருத்தும். அந்த முனைகளுக்கு இடையே 10 செ.மீ. அளவில் இருக்க வேண்டியது 8-க்குக் கீழே போனால் தலை திரும்ப இடமில்லை. கருப்பை வாய் முழுதாகத் திறந்தும் தலை குறுக்காகவே நிற்கும்.

அப்போது ஏமாற்றுவது தலையில் வரும் வீக்கம். உள் பரிசோதனையில் விரலுக்குத் தலை கீழே வந்தது போலவே தெரியும். உண்மையில் இறங்கியிருப்பது உச்சந்தலைத் தோல் வீக்கம், எலும்பு மேலேயே நிற்கும். வயிற்றின் மேல் கை வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தலையை ஐந்து பங்காக எண்ணி, எத்தனை பங்கு இன்னும் இடுப்பெலும்புக்கு மேலே கைக்குத் தட்டுப்படுகிறது என்று பார்ப்பார்கள். வலி நன்றாக வந்தும் மணிக்கணக்கில் அந்த எண் மூன்றிலேயே நின்று, மண்டையோட்டு எலும்புகளும் அழுத்தமாக ஏறிக்கொண்டால், இனி காத்திருக்கக் கூடாது. உட்கார்ந்தோ மண்டியிட்டோ நிலை மாற்றினால் கீழ் அளவுகள் சில மில்லிமீட்டர் கூடும். தலை திரும்ப அது உதவலாம், உண்மையான குறுகலைச் சரிசெய்யாது.

அதனால் அந்த 142 செ.மீ. பெண்ணுக்கு என் யோசனை, வலி வரட்டும், முயன்று பார்க்கட்டும். ஆனால் தியேட்டரும் ரத்தமும் கையெட்டும் தூரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில். தலை மாட்டிய பிறகு ஏற்காட்டு மலைப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அவளை இறக்கக் கூடாது. நாள் நெருங்கும்போதே சேலத்தில் உறவினர் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது.

சிசேரியன் ஆகிவிட்டால் டிஸ்சார்ஜ் கார்டில் காரணத்தைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். கருப்பை வாய் எத்தனை செ.மீ. திறந்தது, தலை எந்தப் பக்கம் திரும்பி நின்றது, எத்தனை பங்கு மேலே இருந்தது, குழந்தை எடை என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தலை தப்பான கோணத்தில் நின்றதற்காக எடுத்த சிசேரியனை "எலும்பு சின்னது" என்று எழுதிவிட்டால், அடுத்த பிரசவத்தில் சுகப்பிரசவத்துக்கு முயலும் வாய்ப்பே பேச்சுக்கு வராது.