மூங்கில் என்று சொல்லி நம் தலையில் கட்டுவது விஸ்கோஸ்

தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து பதினெட்டு நாள். சீராகக் கொடுக்க ஏதாவது நல்லதாக வாங்கலாம் என்று, இணையத்தில் மூன்று துவட்டும் துண்டும் இரண்டு போர்வைத் துணியும் உள்ள ஒரு செட்டை ஆர்டர் செய்தேன். விலை 2,190 ரூபாய். அட்டைப்பெட்டியில் பச்சை மூங்கில் குருத்து படம். "100% மூங்கில். இயற்கையிலேயே கிருமி எதிர்ப்பு. ரசாயனம் இல்லாதது." குழந்தைக்கு என்றதும் காசைப் பார்க்க மனசு வராது. அந்த இடத்தில்தான் நம்மைப் பிடிக்கிறார்கள்.

துண்டு நிஜமாகவே பூப்போல இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஐப்பசி அடைமழையில், வீட்டுக்குள் கொடியில் காயப்போட்ட மூன்றாம் நாளே ஊசல் வாடை. பக்கத்தில் காய்ந்த பழைய பருத்தித் துண்டிலும் அதே வாடைதான். அப்படியானால் "கிருமி எதிர்ப்பு" எங்கே போனது? ஏழெட்டு முறை துவைத்ததும் ஓரத்தையல் பக்கம் நைந்து விட்டுப்போனது. விற்றவர்களிடம் கேட்டால், "இயற்கை நார் என்பதால் மென்மையாகக் கையாள வேண்டும்" என்று பதில் வருகிறது. அந்த ஒரு வரிதான் என்னைக் கொதிக்க வைத்தது. அது இயற்கை நாரே இல்லை!

துண்டை எடுத்துக்கொண்டு திருப்பூரில் நூல் வியாபாரம் செய்யும் மாமாவிடம் போனேன். விரலால் ஒருமுறை தடவினார். "விஸ்கோஸ் கண்ணு இது" என்றார்.

"பெட்டியில மூங்கில்னு போட்டிருக்குதுங்களே மாமா?"

"மூங்கில்ல இருந்து எடுத்த கூழாவே இருக்கட்டும். மரத்துல இருந்து எடுத்தாலும் முடிவுல வர்றது இதே நூலுதான். கையில குடுத்தா எது எதுன்னு என்னாலயே சொல்ல முடியாது."

முப்பது வருஷம் நூலோடு புழங்கியவருக்கே பிரித்துச் சொல்ல முடியாத ஒன்றை மூங்கிலின் மகிமை என்று விற்கிறார்கள். ஏன் சொல்ல முடியாது என்பதற்கு அந்த நூல் எப்படித் தயாராகிறது என்று பார்க்க வேண்டும்.

மூங்கிலைச் சிறு துண்டுகளாக வெட்டி, ரசாயனங்களோடு வேகவைத்துக் கூழாக்குகிறார்கள். பசை, பிசின், மற்ற எல்லாவற்றையும் நீக்கி, வெளுத்து, செல்லுலோஸ் மட்டும் மிஞ்சுமாறு வெள்ளை அட்டை போல் காயவைக்கிறார்கள். அந்த அட்டையை ஏறக்குறைய 18 சதவீத காஸ்டிக் சோடா கரைசலில் ஊறப்போட்டுப் பிழிந்து, பொடித்து, பதப்பட விடுகிறார்கள். அதற்குமேல் கார்பன் டைசல்பைடு சேர்க்கிறார்கள். அப்போது அது ஆரஞ்சு நிறத்துத் தூளாக மாறுகிறது. அதை மறுபடியும் நீர்த்த காஸ்டிக் சோடாவில் கரைத்தால் தேன் மாதிரி ஒரு திரவம் வரும். விஸ்கோஸ் என்ற பெயரே அந்தப் பிசுபிசுப்பால் வந்ததுதான். ரேயான் என்று சொல்வதும் இந்த நூலைத்தான். 1892-ல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் காப்புரிமை வாங்கிய முறை இது. கடைசியில் அந்தத் திரவத்தைச் சல்லடை போன்ற நுண்துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால், அங்கே அது இறுகி இழையாகிறது.

இவ்வளவுக்கும் பிறகு அந்த இழையில் மூங்கிலின் எது மிச்சம்? செல்லுலோஸ் மட்டும்தான். அதே செல்லுலோஸ் யூகலிப்டஸிலும் உண்டு, பருத்தியிலும் உண்டு. மூங்கில் செடியில் கிருமியைத் தடுக்கும் ஏதோ ஒரு பொருள் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அது கூழாக்கும்போது ஒரு முறை, காஸ்டிக்கில் ஒரு முறை, கார்பன் டைசல்பைடில் ஒரு முறை, அமிலத்தில் ஒரு முறை என்று இத்தனையையும் தாண்டி என் தங்கச்சி மகனின் துண்டு வரைக்கும் வந்து சேருமா? கரும்புக் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயத்தைப் புட்டியில் அடைத்து, "சுத்தமான கரும்புச்சாறு, உடலுக்குக் குளிர்ச்சி" என்று எழுதினால் சும்மா விடுவோமா? இங்கே நடப்பது அதேதான்.

"ரசாயனம் இல்லாதது" என்ற சொல்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் வலிக்கிறது. கார்பன் டைசல்பைடு நரம்பைத் தாக்கும் நஞ்சு. துணியை உடுத்துகிற நமக்கு அது கேடு செய்யாது, ஏனென்றால் கழுவி முடித்த நூலில் அது தங்குவதில்லை. அதைச் சுவாசிப்பவர்கள் ஆலைக்குள் வேலை செய்பவர்கள். தென்கொரியாவில் வோன்ஜின் ரேயான் ஆலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். 1993-ல் அந்த ஆலை மூடப்பட்டது. காற்றில் போகும் நஞ்சைப் பிடித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு இன்று நல்ல ஆலைகளில் இருக்கிறது, அது உண்மை. ஆனால் என் கையில் இருக்கும் துண்டு எந்த ஆலையிலிருந்து வந்தது என்று பெட்டியில் ஒரு வரி கிடையாது.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிற கதையும் இல்லை. கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் மாவூரில் குவாலியர் ரேயான்ஸ் ஆலை 1960-களில் தொடங்கியது. கேரளக் காடுகளின் மூங்கிலை வெட்டிக் கொண்டுவந்துதான் கூழ் எடுத்தார்கள். அதன் கழிவால் சாலியாறு கெட்டு, ஊர் மக்கள் பல வருஷம் போராடி, 2001-ல் ஆலை மூடப்பட்டது. நம் பக்கம் சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் கழிவு பவானியில் கலந்ததற்காக நடந்த போராட்டத்தையும் கோவை, ஈரோடு பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாவூர்க் கூழிலிருந்து வந்ததை அந்தக் காலத்தில் யாராவது "மூங்கில் துணி" என்று விற்றார்களா? ரேயான் என்றார்கள், ஸ்டேபிள் ஃபைபர் என்றார்கள். அப்போது மூங்கில் வெறும் கச்சாப்பொருள். இன்றைக்கு அதையே முன்னால் நிறுத்தி, ரேயான் என்ற சொல்லை மறைத்துவிட்டார்கள்.

மூங்கிலிலிருந்து நேரடியாக நார் எடுக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. தண்டை நசுக்கி, நொதி கொண்டு ஊறவைத்து, சீவி நாரைப் பிரிக்கலாம், கிட்டத்தட்ட சணலும் ஆளியும் எடுப்பது போல. ஆனால் அது வேலையும் செலவும் பிடிக்கிற விஷயம், சந்தையில் மிகக் கொஞ்சம்தான் கிடைக்கும். முக்கியமாக, அந்தத் துணி லினன் மாதிரி சற்று முரடாக இருக்கும். லயோசெல் என்ற இன்னொரு முறையும் உண்டு. அதில் கார்பன் டைசல்பைடு கிடையாது, கூழைக் கரைக்கிற கரைப்பானில் 99 சதவீதத்துக்கும் மேல் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அப்படிச் செய்தவர் அந்தப் பெயரைப் பெருமையாகப் பெட்டியில் போடுவார். வெறும் "மூங்கில்" என்று மட்டும் எழுதி, பட்டு போல வழவழவென்று ஒரு துணி வந்தால், அந்த வழவழப்பே விஸ்கோஸ் என்று காட்டிக்கொடுக்கிறது. எதைக் காட்டி மூங்கில் என்று நம்மை மயக்குகிறார்களோ, அதுவே மூங்கில் நார் இல்லை என்பதற்கு அடையாளம்.

மாமா இன்னொன்றும் செய்து காட்டினார். துண்டின் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவினார். ஒன்றைக் காய்ந்தபடியே இழுத்து அறுத்தார், கொஞ்சம் பலம் கேட்டது. இன்னொன்றைத் தண்ணீரில் முக்கி இழுத்தார், சுலபமாகப் பிய்ந்து வந்தது. விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதி பலத்தை இழந்துவிடும். பருத்தி அதற்கு நேர்மாறு, நனைந்தால் பலம் கூடும். ஈரத்தோடு முறுக்கிப் பிழிந்த என் துண்டு ஏன் ஓரத்தில் நைந்தது என்று அப்போதுதான் புரிந்தது. பருத்தியோ பாலியஸ்டரோ கலந்த நூலில் இந்தச் சோதனை குழப்பிவிடும் என்று அவரே எச்சரித்தார். கொளுத்திப் பார்த்தாலும் ஓரளவுதான் தெரியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும், விஸ்கோஸ் காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும். பருத்தியும் அப்படியேதான் எரியும்.

அமெரிக்காவில் இது சட்டத்தின் முன்னால் போய் வருஷக்கணக்காகிறது. அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் 2009-ல் நான்கு விற்பனையாளர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. மூங்கில் செடியில் கிருமி எதிர்ப்புக் குணம் இருந்தாலும், அது ரேயானாக மாறிய பிறகு தங்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே அதன் நிலைப்பாடு. "மூங்கிலிலிருந்து தயாரித்த ரேயான்" என்றுதான் எழுத வேண்டும், வெறும் மூங்கில் என்று எழுதக்கூடாது. 2010-ல் 78 கடைகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அதற்குப் பிறகும் திருந்தாததால் 2013-ல் அமேசான், மேசிஸ், சியர்ஸ், லியோன் மேக்ஸ் நான்கும் சேர்ந்து 12.6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. 2022-ல் வால்மார்ட் 30 லட்சம், கோல்ஸ் 25 லட்சம். பதிமூன்று வருஷமாக நடவடிக்கை மேல் நடவடிக்கை வந்தும் அதே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், அந்த ஒரு சொல்லில் எவ்வளவு லாபம் இருக்க வேண்டும்!

இங்கேயும் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பொய்யான சுற்றுச்சூழல் பெருமைகளைத் தடுக்க வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. "இயற்கை", "பசுமை" என்றெல்லாம் போட்டால் ஆதாரம் காட்ட வேண்டும். ஆனால் அந்தப் பெட்டி என் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

விற்பவர்களிடம் ஆதாரம் கேட்டால் ஓகோ-டெக்ஸ் 100 சான்றிதழை நீட்டுகிறார்கள். அது கையில் வரும் துணியில் கெடுதலான பொருள் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. குழந்தைத் துணிக்கு நல்ல விஷயம்தான், ஆனால் நான் கேட்ட கேள்வி வேறு. நூல் எந்த முறையில் வந்தது, ஆலை நஞ்சை என்ன செய்தது, கிருமி எதிர்ப்பை யார் சோதித்தார்கள் என்பதற்கெல்லாம் அந்தக் காகிதத்தில் பதில் இல்லை. மூங்கில் வேகமாக வளரும், பூச்சிமருந்து தேவைப்படாது என்பதும் அப்படித்தான். தோட்டத்தைப் பற்றி அது சரி. ஆலையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

விஸ்கோஸ் என்று நேராக எழுதியிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஈரத்தைப் பருத்தியைவிட நன்றாக உறிஞ்சும், உடம்பில் குளுமையாக விழும், நல்ல துணி. பருத்தி விலைக்கோ அதற்குக் கீழோ வாங்கி, முறுக்காமல் பிழிந்து பயன்படுத்தியிருப்பேன். நேற்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்து, பெட்டியின் படத்தையும் அந்த மூன்று வாசகங்களையும் கொடுத்துப் புகார் பதிந்துவிட்டேன். விற்றவர்களுக்கு மறுபடி எழுதியதில் ஒரே ஒரு கேள்விதான் வைத்தேன்: இந்த நூல் விஸ்கோஸா, லயோசெல்லா, நசுக்கி எடுத்த நாரா? ஆறு நாள் ஆகிறது. பார்த்துவிட்டார்கள் என்று திரை காட்டுகிறது. பதில் வரவில்லை.