வெறும் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிவிட்டு என் உயிரை எடுக்காதீர்கள்

ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் வைத்திருக்கிறேன். ரீலோட், போட்டோகொப்பி, ஒன்லைனில் சாமான் ஓடர் பண்ணிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. கடையை மூடிய பிறகாவது நிம்மதியாகச் சாப்பிட விடுகிறார்களா? ராத்திரி ஒன்பதரைக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழும். கூட ஒரு வார்த்தை இருக்காது. பார்சல் எங்கே என்று காட்டும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். அதிலும் மேலும் கீழும் வெட்டியது.

போன வாரம் தோட்டத்து அக்கா ஒருவர் அனுப்பியது இதே ரகம். பிரஷர் குக்கர் ஓடர் பண்ணியிருக்கிறார். படத்தில் `In Transit`, அதற்குக் கீழே ஒன்பது நாளைக்கு முந்தைய தேதி, கொழும்பு. அவ்வளவுதான். சரி, அப்படி என்றால் என்னவென்று கேட்கிறார் போல என்று நினைத்து மூன்று நிமிஷத்துக்கு வொய்ஸ் அனுப்பினேன். "அக்கா, அந்தப் பக்கம் வண்டியைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. பெட்டியில் ஒட்டிய பார்கோடை யாராவது ஸ்கேன் பண்ணினால்தான் ஒரு வரி கூடும். கொழும்பில் ஏற்றும்போது அடித்திருக்கிறார்கள். இங்கே இறக்கியவர்கள் அடிக்காமல் மூலையில் போட்டிருந்தால், பார்சல் ஹட்டனிலேயே கிடந்தாலும் பக்கம் கொழும்பு என்றுதான் சொல்லும்."

பதில் வந்தது: "அது தெரியும் தம்பி."

தெரியுமா! அப்படியானால் முறைப்பாடு எழுதத்தான் கேட்கிறார் என்று உட்கார்ந்து எழுதினேன். ஓடர் நம்பருக்கு ஓர் இடம் விட்டு, ஓடர் பண்ணிய தேதி, கடைசியாக ஸ்கேன் ஆன தேதியும் இடமும், பார்சல் இப்போது எந்தக் கிளையில், இத்தனை நாளுக்குள் வராவிட்டால் ரத்துப் பண்ணுங்கள். சுருக்கமாக, திட்டாமல் எழுதினேன். திட்டினால் அவர்களுக்குத் தப்பிக்க ஒரு சாக்கு. அக்கா சொல்கிறார்: "சண்டையெல்லாம் எதுக்கு தம்பி."

எனக்குச் சோறு ஆறிப்போய்விட்டது. மிச்சம் இருப்பது காசு திரும்ப எடுப்பதுதானே? ஓடர் பக்கத்தில் ரத்துப் பண்ணும் பட்டன் இன்னும் இருக்கிறதா பாருங்கள், பார்சல் கிளம்பியபின் பெரும்பாலும் அது காணாமல் போகும், அப்போது விற்றவருக்கு அங்கேயே எழுத வேண்டும், கார்டில் கட்டியிருந்தால் பேங்க்கிலும் சொல்லலாம், ஒன்றும் நடக்காவிட்டால் பாவனையாளர் அதிகார சபைக்கு 1977 அடிக்கலாம், எல்லாம் டைப் பண்ணி அனுப்பினேன். கடைசியாகத்தான் உறைத்தது. "அக்கா, காசு கார்டிலயா கட்டினீங்க?"

"இல்ல தம்பி. சாமான் வந்தாத்தான் காசு."

கையில் இருந்து ஒரு சதம் போகவில்லை! எதைத் திரும்ப எடுப்பது? காசு கட்டும் விதம் எழுதியிருந்த வரியைத்தான் அவர் வெட்டியிருந்தார். முக்கால் மணித்தியாலம் நான் எழுதிய புராணம் அத்தனையும் குப்பை.

"அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கத்தியே விட்டேன்.

"நாளைக்கு மலைக்குப் போகவா, வீட்டில இருக்கவா? நேத்தும் பாதியில வந்ததால அரைப்பேருதான் போட்டாங்க."

இதுதான் கேள்வி. இந்த ஒரு வரியை முதலிலேயே எழுதியிருக்கக் கூடாதா? கொரியர் பையன் தோட்டத்துக்கு மேலே ஏற மாட்டான். சந்தியில் நின்று போன் எடுப்பான். கொழுந்து எடுக்கும் மலையில் சிக்னல் இல்லை. இரண்டு மூன்று தரம் ஆள் கிடைக்காவிட்டால் பார்சல் விற்றவருக்கே திரும்பிப் போகும். இது அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் அரைநாள் சம்பளமான அரைப்பேரோடு வீட்டில் காத்துக் கிடந்திருக்கிறார்.

காலையில் டவுன் கிளைக்கே நடந்து போனேன். பார்சல் ஆறு நாளாக அங்கேதான்! முகவரியில் "கீழ்ப்பிரிவு" என்று மட்டும் இருக்கிறதாம், தோட்டத்தின் பெயர் இல்லையாம். இந்தப் பக்கம் கீழ்ப்பிரிவு இல்லாத தோட்டம் எது ஐயா? இரண்டு தரம் போன் எடுத்தார்களாம், கிடைக்கவில்லையாம். அதையாவது பக்கத்தில் ஏற்றினார்களா? இல்லை. தோட்டத்துப் பெயரையும், லயத்தில் பகலில் இருக்கிற மாமியாரின் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் மாமியார் சந்திக்கு இறங்கி வாங்கிவிட்டார். அக்காவுக்கு முழுப்பேர்.

நேற்று ராத்திரி அக்காவிடமிருந்து மறுபடியும் ஒரு ஸ்கிரீன்ஷாட். குக்கர் அடுப்பில் ஏறி இரண்டு நாளாகிறது, பக்கத்தில் இன்னும் `In Transit`. கூட ஒரு வார்த்தை இல்லை.