பலகையில் வாசல், பில்லில் பார்வதி

ஓர் அக்காவும் தம்பியும் சேர்ந்து உணவகம் திறந்தார்கள். பெயர்ப் பலகை செய்தது நான். இடம் பார்த்து, அடுப்பு வாங்கி, ஆள் சேர்க்கும்வரை ஒரு சத்தமும் இல்லை. என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு வந்ததும் இரண்டு பேரும் நேரில் பேசுவதை நிறுத்திவிட்டு என் மூலமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

அக்காவுக்கு அம்மா பெயர் வேண்டும்: பார்வதி உணவகம். தம்பிக்கு 'தாழ்வாரம்'. சாப்பிட வருகிறவர் சொந்த வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கவேண்டுமாம். "நான் போட்ட பணத்தில் என் அம்மா பெயர் வைக்கக்கூடாதா?" என்று அவர் கேட்க, "அடுப்படியில் நிற்கப்போறது நான்தானே" என்று இவன் சொல்ல, மூன்று வாரம் ஓடியது.

இந்த மாதிரிச் சண்டையில் நடுவில் நிற்கிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுப்பது. நானும் அதைத்தான் செய்தேன். 'பார்வதியின் தாழ்வாரம்' என்று எழுதிக் காட்டினேன். இருவரும் முகம் சுளிக்காமல் தலையாட்டினார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து அளவு போட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. எழுத்து 1 அங்குல உயரம் இருந்தால் சுமார் 10 அடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்கலாம். வண்டியில் வருகிறவர் 100 அடிக்கு முன்னாலேயே படித்தால்தான் வேகம் குறைத்துத் திரும்ப முடியும். ஆக எழுத்து 10 அங்குலம் இருக்கவேண்டும். 'பார்வதியின் தாழ்வாரம்' என்பதில் துணைக்கால்களைச் சேர்த்தால் 14 உருக்கள். நம் எழுத்துகள் அகலமானவை. இடைவெளியோடு ஒன்றுக்கு 12 அங்குலம் என்றாலும் 168 அங்குலம் வேண்டும். இருந்த இடமோ 12 அடி, அதாவது 144 அங்குலம். எழுத்தைச் சுருக்கினால் எதிரில் நிற்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும், அவனுக்குத்தான் ஏற்கெனவே கடை தெரியுமே! போதாததற்கு, உள்ளே விளக்கு வைத்த தனித்தனி எழுத்துகள் வேண்டும் என்றார்கள். அதில் ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு, தனி ஒயர். அந்தப் பெயரில் நான்கு புள்ளிகள். மழைக்கு அப்புறம் எது அணையும் என்று யாருக்குத் தெரியும்?

சரி, பாதிப் பாதி ஆகாது. ஒவ்வொரு பெயரையும் தனியாகச் சோதித்துப் பார்ப்போம் என்றேன். பத்து நண்பர்களுக்கு போன் போட்டு, பெயரை ஒரே ஒரு தடவை சொல்லி, "இதை மேப்பில் தேடுவதாக இருந்தால் எப்படி டைப் செய்வாய்? அனுப்பு" என்று கேட்கச் சொன்னேன். 'தாழ்வாரம்' என்பதற்கு Thazhvaram, Thaazhvaaram, Thalvaram, Talvaram என்று வரிசையாக வந்தது. ஒருவர் 'தாள்வாரம்' என்று தமிழிலேயே அனுப்பி, பேப்பர் கடையா என்றும் கேட்டிருந்தார். ழகரத்தை ஆங்கில எழுத்தில் எழுத நம்மிடம் ஒரே வழி என்று ஒன்று கிடையாது. தேடுபொறி ஓரளவு சமாளிக்கும். ஆனால் புதுக் கடைக்கு அந்த 'ஓரளவு' போதாது. தம்பி போனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்காவுக்கு வெற்றிச் சிரிப்பு. "பார்வதின்னு போட்டுப் பாருங்க அண்ணா" என்றார். போட்டோம். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் பார்வதி என்ற பெயரில் கடைகள் திரை நிறைய வந்தன. வணிகக் குறி பதிவிலும் அதே சிக்கல்தான். உணவகச் சேவை என்பது சர்வதேச வகைப்பாட்டில் 43-ஆம் வகுப்பு. அந்த வகுப்பில் அதே பெயரையோ அதை ஒத்த பெயரையோ யாராவது முன்பே பதிந்திருந்தால் நமக்குக் கிடைப்பது கஷ்டம். 'உணவகம்' என்ற சொல் நம்மைக் காப்பாற்றாது. அது கடை என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் சொல், யாரும் சொந்தம் கொண்டாட முடியாது.

தம்பி வேறொரு கேள்வியும் வைத்திருந்தான். "நாளைக்கு நாம பிரிஞ்சா அம்மா பெயர் யாருக்கு?" அக்காவுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. கேள்வி கொடூரம்தான், ஆனால் கேட்கவேண்டிய கேள்வி. ரிச்சர்ட், மாரிஸ் என்ற மெக்டொனால்ட் சகோதரர்களின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ல், அவர்கள் கடைக்கு ஊர் ஊராகக் கிளைகள் திறந்துகொண்டிருந்த ரே கிராக்கிடம் 27 லட்சம் டாலருக்குத் தொழிலை விற்றார்கள். சான் பெர்னார்டினோவில் இருந்த முதல் கடையை மட்டும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். ஆனால் பெயர் விற்பனையோடு போய்விட்டது. தங்கள் கடைக்குத் தங்கள் பெயரையே போட முடியாமல் 'தி பிக் எம்' என்று மாற்றினார்கள். கிராக் பக்கத்திலேயே ஒரு மெக்டொனால்ட்ஸ் திறந்தார். 'பிக் எம்' கடைசியில் மூடப்பட்டது.

இதைக் கேட்டும் அக்கா அசையவில்லை. அசைத்தது அம்மா. அதுவரை வாயே திறக்காத அந்த அம்மா ஒருநாள் கேட்டார்: "எவனாவது 'பார்வதி மோசம், ஆறிப்போயிருந்தது, இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்'னு எழுதுவானே, அதையும் என் பெயரில்தான் எழுதுவானா?" அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் எனக்கும் ஒன்று உறைத்தது. நாங்கள் எல்லோரும் பெயர் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் ஓர் உணவகத்துக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம். ஒன்று உரிமம், வங்கிக் கணக்கு, வரி, வாடகை ஒப்பந்தம் என்று காகிதங்களில் இருக்கும் நிறுவனப் பெயர். இன்னொன்று பலகையில் இருப்பது. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் பொதுவாகக் கிடையாது. இரண்டையும் முறைப்படி பதிவு செய்தால் போதும். இரண்டு வேலை, இரண்டு பெயர், இரண்டு பிள்ளைகள்.

நிறுவனம் அம்மா பெயரில் என்று முடிவானது. பலகையில் தம்பியின் எண்ணம், ஆனால் ழகரம் இல்லாமல். அவன் ஒரு வாரம் யோசித்து 'வாசல்' என்று வந்து நின்றான். நாலே உரு, ஒரே புள்ளி. அதே 12 அடியில் எழுத்து 20 அங்குல உயரத்துக்கு வந்தது. பத்தில் எட்டுப் பேர் Vasal என்றே அனுப்பினார்கள், இருவர் மட்டும் Vaasal. பதிவேட்டிலும் தேடிப் பார்த்து இடையூறு இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: பிரிய நேர்ந்தால் 'வாசல்' கடையை நடத்துகிறவருக்கு, அம்மா பெயரை அதற்கப்புறம் யாரும் தொழிலில் பயன்படுத்தக்கூடாது. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது அக்காதான்.

எல்லாம் சுபம் என்று நினைத்தோம். திறந்த முதல் வாரமே ஒருவர் கோபமாக போன் செய்தார். அட்டையில் பணம் கட்டியிருக்கிறார், வங்கிக் கணக்கில் 'பார்வதி' என்று வந்திருக்கிறது. யாரோ திருடிவிட்டார்கள் என்று வங்கியில் புகார் கொடுக்கப் போகிறாராம். பலகைப் பெயரும் காகிதப் பெயரும் வேறு வேறாக இருந்தால் இந்தத் தொல்லை வரும், அதை நான் முன்பே சொல்லியிருக்கவேண்டும். கட்டணச் சேவைக்காரர்களிடம் சொல்லி அந்த இடத்தில் பலகைப் பெயர் தெரியும்படி மாற்றிக்கொண்டார்கள். பில்லின் அடியிலும் 'வாசல், பார்வதி நிறுவனத்தின் உணவகம்' என்று ஒரு வரி ஏறியது.

இப்போது பில்லை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிலர் "பார்வதி யாருங்க?" என்று கேட்கிறார்கள். கல்லாவில் இருக்கும் அக்கா கதையை ஆரம்பித்துவிடுகிறார். பின்னால் வரிசை நீளுகிறது. உள்ளே இருந்து தம்பி, "அக்கா, சுருக்கமா சொல்லு!" என்று கத்துகிறான்.